வேப்பா, சிகரெட்டா: தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு?

அப்பா முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடிப்பவர். மகன் வேப் பிடிப்பவன். "நீ அந்தக் கருமத்தைத் தொடாதே" என்று அப்பா கண்டிக்கிறார். "உங்க சிகரெட்டை விட இது எவ்வளவோ மேல்" என்று மகன் பதில் சொல்கிறான். தோட்டமானாலும் தாமானானாலும் இந்த வாக்குவாதம் நடக்காத வீடு குறைவு. கவனித்துப் பார்த்தால், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வேப் உடம்புக்குக் கெடுதலா என்பது அப்பாவின் கேள்வி. சிகரெட்டை விடக் குறைந்த கெடுதலா என்பது மகனின் வாதம். மருத்துவ உலகிலும் இந்த இரண்டு கேள்விகளும் கலந்துவிடுவதால்தான் ஒரு வாரம் "வேப் ஆபத்து" என்றும், அடுத்த வாரம் "வேப் சிகரெட்டை விட நல்லது" என்றும் செய்திகள் வருகின்றன.

நம் நாட்டில் இது சின்ன விஷயமாக இல்லை. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான பள்ளி மாணவர்களில் 14.9 விழுக்காட்டினர் வேப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. 2017இல் அது 9.8 விழுக்காடாக இருந்தது. 2023 மார்ச் 31ஆம் தேதி, வேப்பில் பயன்படும் நிக்கோடின் திரவம் விஷப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று சொல்லும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுகளில் என்னென்ன விற்றது, யார் வாங்கினார்கள் என்பது பசார் மாலாம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி முதல் வேப்பை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். பாலத்தின் இந்தப் பக்கம் பல மாநிலங்களில் வயது வந்தவர்கள் கடையில் வாங்கலாம், அந்தப் பக்கம் சட்டைப்பையில் இருந்தாலே அபராதம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அறிவியல் இரு பக்கமும் ஒன்றுதான். வேறுபடுவது, தெரியாததை ஒவ்வோர் அரசாங்கமும் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான்.

சிகரெட்டின் கணக்கு எப்படித் தெரிந்தது?

சிகரெட் கொல்லும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை நிரூபிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதைப் பார்த்தால்தான் வேப் பற்றி ஏன் இன்னும் தீர்ப்பு வரவில்லை என்பது புரியும்.

பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் நாட்டின் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அவர்களின் புகைக்கும் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்தார்கள். 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்கள் பதில் எழுதினார்கள். அதன் பிறகு யார் எந்த நோயால் இறக்கிறார் என்று ஐம்பது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். நுரையீரல் புற்றுநோயின் தொடர்பு சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது, ஏனென்றால் அந்த மருத்துவர்களில் பலர் ஏற்கெனவே இருபது முப்பது ஆண்டுகள் புகைத்தவர்கள். ஆனால், வாழ்நாள் முழுதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார் என்ற முழுக் கணக்கு 2004இல்தான் வெளிவந்தது. முப்பது வயதில் நிறுத்தினால் அந்தப் பத்து ஆண்டுகளும் ஏறக்குறைய திரும்பக் கிடைக்கும், ஐம்பதில் நிறுத்தினால் ஆறு ஆண்டுகள் கிடைக்கும் என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

இதில் ஒரு முக்கிய விவரம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை விட எத்தனை ஆண்டுகள் என்பது அதிகம் தீர்மானிக்கிறது. பிடிக்கத் தொடங்கியவருக்கு முதல் பத்து ஆண்டுகளில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் நீப்பா இலையில் புகையிலையைச் சுருட்டிப் பிடித்த தாத்தாக்கள், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொன்னது பொய்யில்லை. நாற்பது வயதில் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.

வேப்புக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் இன்றைய வகை மின்சிகரெட்டை உருவாக்கியது 2003இல். வெளிநாட்டுச் சந்தைகளுக்கு அது வந்தது 2006, 2007 வாக்கில். வேறெதையும் பிடிக்காமல் வேப் மட்டுமே முப்பது ஆண்டுகள் பிடித்த ஒரு மனிதர் உலகத்தில் எங்கும் இல்லை. அதனால், வேப்பால் புற்றுநோய் வருமா என்று கேட்டால், "வரும்" என்பவரும் "வராது" என்பவரும் கையில் இல்லாத ஆதாரத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

சிறுநீர் சொன்ன சாட்சி

எதுவுமே தெரியாது என்றும் அர்த்தமில்லை. முப்பது ஆண்டுகள் காத்திருக்காமலேயே ஒன்றை அளக்கலாம். புகையிலிருந்தோ ஆவியிலிருந்தோ உடம்புக்குள் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பதுதான் அது.

சிகரெட் எரிகிறது. அதன் கெடுதல் பெரும்பாலும் அந்த எரிதலில்தான் இருக்கிறது. புகையிலை எரியும்போது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றில் சுமார் எழுபது புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அதோடு தார், கார்பன் மோனாக்சைடு. வேப்பில் எதுவும் எரிவதில்லை. புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டி, பெரும்பாலானவற்றில் நிக்கோடின் ஆகியவை கலந்த திரவத்தை ஒரு கம்பிச்சுருள் சூடாக்கி ஆவியாக்குகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை என்பது பெரிய வேறுபாடு. ஆனால் "வெறும் தண்ணீர் ஆவிதான்" என்று விற்பவர்கள் சொல்வது சரியில்லை. சூடேறும்போது ஃபார்மல்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் உருவாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் ஆவியில் கலக்கின்றன. திரவம் தீர்ந்து பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தால் தொண்டையைக் கருக்கும் ஒரு வாடை வரும். பிடிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் இந்தப் பொருள்களின் அளவு பல மடங்கு ஏறுகிறது.

அப்படியானால் மொத்தத்தில் எவ்வளவு உள்ளே போகிறது? இதற்கு 2017இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு தெளிவான பதில் தந்தது. 181 பேரிடம் சிறுநீரும் எச்சிலும் வாங்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் சிகரெட் மட்டும் பிடிப்பவர்கள். இன்னொரு பிரிவினர் சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டு, குறைந்தது ஆறு மாதமாக வேப் மட்டும் பயன்படுத்துபவர்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டையும் கலந்து பிடிப்பவர்கள். நிக்கோடின் சுவிங்கம், ஒட்டுப்பட்டை பயன்படுத்துபவர்களும் தனிப் பிரிவுகளாக இருந்தார்கள்.

புகையிலைக்கே உரிய, நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு நச்சு உடம்பில் புகுந்தால் சிறுநீரில் ஒரு தடயத்தை விட்டுச் செல்லும். வேப்புக்கு முழுவதுமாக மாறியவர்களிடம் அந்தத் தடயம், சிகரெட் பிடிப்பவர்களோடு ஒப்பிடுகையில் 97 விழுக்காடு குறைவாக இருந்தது. மற்ற பல நச்சுகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. நிக்கோடின் மட்டும் எல்லாப் பிரிவினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. அடிமைப்பழக்கம் அப்படியே இருக்கிறது, நச்சு குறைந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

மூன்றாவது பிரிவினரின் முடிவைத்தான் நம் ஆட்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். வேப்பும் பிடித்து, சிகரெட்டும் பிடித்தவர்களின் சிறுநீர், சிகரெட் மட்டும் பிடிப்பவர்களின் சிறுநீரிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

வேலையிடத்தில் வேப், சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டுக்கடையில் ஒரு சிகரெட், இரவில் நண்பர்களோடு இரண்டு என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். "பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. குறைத்துப் பிடிப்பவர் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாகவும் நெடுநேரமும் இழுப்பது வழக்கம் என்பதால் நச்சு பாதியாகக் குறைவதில்லை. இதயத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏறும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி ஏறிவிடுகிறது. இருபதை ஒன்றாகக் குறைத்தால் அபாயமும் இருபதில் ஒரு பங்காகும் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

95 என்ற எண்

"95 விழுக்காடு பாதுகாப்பு" என்று வேப் கடைகளில் சொல்வார்கள். முதலில் அது தவறான வாசகம். மூல வாசகம் "சிகரெட்டை விட 95 விழுக்காடு குறைந்த கெடுதல்" என்பது. 2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு அதைச் சொன்ன பிறகு உலகம் முழுதும் பரவியது.

அந்த எண் யாரையும் பரிசோதித்து வந்ததில்லை. 2014இல் வெளியான ஒரு கட்டுரைக்காக ஒரு நிபுணர் குழு கூடி, நிக்கோடின் கலந்த பல பொருள்களுக்கு அவை தரும் கெடுதல்களின் அடிப்படையில் மதிப்பெண் போட்டது. சிகரெட்டை 100 என்று வைத்தால் வேப் ஐந்துக்கும் குறைவாக வந்தது. பெரும்பாலான பொருள்களின் கெடுதலுக்கு உறுதியான ஆதாரம் போதவில்லை என்று அந்தக் கட்டுரையே ஒத்துக்கொண்டது. லான்செட் மருத்துவ இதழ் உடனே இதைக் கடுமையாகக் குறை சொன்னது. அதற்காக அந்த மதிப்பீடு வெறும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. சிறுநீர்ச் சோதனைகள் அதே திசையைத்தான் காட்டுகின்றன. 2022இல் இங்கிலாந்தில் வெளியான விரிவான மறு ஆய்வு அந்த எண்ணை முன்னால் நிறுத்தாமல், குறுகிய காலத்திலும் நடுத்தர காலத்திலும் வேப்பின் அபாயம் சிகரெட்டின் அபாயத்தில் ஒரு சிறு பகுதிதான் என்று சொன்னது. நீண்ட காலம் என்ற சொல் அதில் இல்லை. வேப் அபாயமே இல்லாத பொருளன்று, அதிலும் ஒருபோதும் புகைக்காதவர்களுக்கு என்றும் சேர்த்துச் சொன்னது.

மாரடைப்பு முதலில் வந்ததா, வேப் முதலில் வந்ததா?

எதிர்த் தரப்பிலும் இதே போன்ற அவசரம் நடந்திருக்கிறது. 2019இல் அமெரிக்க இதய சங்கத்தின் இதழ் ஒன்றில், வேப் பிடிப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று ஒரு கட்டுரை வந்தது. ஊடகங்கள் பெரிதாக எடுத்து எழுதின.

பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே தரவைத் திறந்து பார்த்தார்கள். கணக்கில் சேர்க்கப்பட்டவர்களில் பலருக்கு மாரடைப்பு வந்தது அவர்கள் வேப் தொடங்குவதற்கு முன்னால். நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. பல ஆண்டுகள் சிகரெட் பிடித்தவருக்கு மாரடைப்பு வருகிறது. மருத்துவர் சிகரெட்டை நிறுத்தச் சொல்கிறார். அவர் வேப்புக்கு மாறுகிறார். ஆய்வாளர் வந்து கேட்கும்போது அவர் வேப் பிடிக்கிறார், மாரடைப்பும் வந்திருக்கிறது. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தெரிகிறது. முறையாக மறுகணக்குப் போட்டுத் தரும்படி இதழ் கேட்டது. குறித்த காலத்தில் அது வராததால் 2020 பிப்ரவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

வேப் இதயத்துக்கு நல்லது என்று இதனால் ஆகிவிடாது. நிக்கோடின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அப்போதைக்கு ஏற்றுகிறது என்பது உறுதியாகத் தெரிந்தது. அது இருபது ஆண்டுகள் தொடர்ந்தால் மாரடைப்பாக முடியுமா என்பதுதான் தெரியாதது. வேப் பிடிக்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் பழைய சிகரெட்காரர்கள் என்பதால், அவர்களின் நுரையீரலிலோ இதயத்திலோ ஒரு கோளாறு தெரிந்தால் அது பழைய கடனா, புதிய கடனா என்று பிரித்துச் சொல்வது கடினம். வேப் பற்றி ஒரு செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, ஆய்வில் இருந்தவர்கள் முன்பு புகைத்தவர்களா என்பதைத்தான்.

2019இல் அமெரிக்காவை உலுக்கிய நுரையீரல் பாதிப்பையும் பலர் இங்கே குறிப்பிடுவார்கள். 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், 68 பேர் இறந்தனர். அதற்குப் பெரும்பாலும் காரணமாகக் கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. சாதாரண நிக்கோடின் வேப்பின் நீண்டகால விளைவு பற்றி இது எதுவும் சொல்லவில்லை. குப்பிக்குள் இருப்பது என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதைச் சொல்கிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப்பை ஒடுக்க, 2025 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூர் அம்மருந்தைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது அதனால்தான்.

இரண்டு பேர், இரண்டு கணக்கு

மேலே சொன்ன அப்பாவையும் மகனையும் மறுபடி எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 48, நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். அவருக்கு இன்று இருக்கும் அபாயத்தின் அளவு தெரியும். அது மிகப் பெரியது. அவர் ஒரு சிகரெட்டும் தொடாமல் வேப்புக்கு முழுவதுமாக மாறினால், தெரிந்த பெரிய அபாயத்தை விட்டு, தெரியாத, ஆனால் சிறியதாக இருக்க வாய்ப்புள்ள அபாயத்துக்குப் போகிறார். அவருக்கு அது லாபம். அதைவிட லாபமான வழியும் உண்டு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது. சுவிங்கம், ஒட்டுப்பட்டை போன்ற நிக்கோடின் மாற்றுகள் பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டவை.

நிறுத்துவதற்கு எது அதிகம் கைகொடுக்கிறது என்று பார்த்தால் வேப்புக்கு ஆதரவான சான்று உண்டு. 2019இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த சோதனையில், ஓராண்டு கழித்துச் சிகரெட்டை விட்டிருந்தவர்கள் வேப் தரப்பில் 18 விழுக்காடு, சுவிங்கம் போன்ற மாற்றுகளின் தரப்பில் 9.9 விழுக்காடு. அதே சோதனையின் மறுபக்கம்: வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை. மற்றத் தரப்பில் அந்த மாற்றுகளை இன்னும் பயன்படுத்தியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு வாரந்தோறும் ஆலோசனையும் கிடைத்தது. கடையில் வாங்கித் தானாகப் பிடிப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

மகனுக்கு வயது 16, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவனுக்கு ஒப்பிட வேண்டியது சிகரெட் புகையோடு அன்று, சுத்தமான காற்றோடு. அந்தக் கணக்கில் வேப்புக்கு ஒரு லாபமும் இல்லை. வேப் பிடிக்கும் பதின்ம வயதினரிடம் இருமலும் சளியும் இழுப்பும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. நிக்கோடினுக்கு அடிமையாவது இளம் மூளையில் சீக்கிரம் நடக்கிறது. அப்பாவை விட அதிகக் காலம் அவன் வாழ வேண்டியிருப்பதால், தெரியாத அந்த நீண்டகாலம் முழுவதும் அவன் கணக்கில்தான் வருகிறது. "உங்க சிகரெட்டை விட மேல்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவன் அப்பாவுக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வாளர்கள் சோதித்த பொருள் ஒன்று, இன்று மகன் கையில் இருப்பது வேறொன்று. முதலில் வந்தவை சிகரெட் வடிவத்தில், வலுக்குறைந்தவை. பிறகு திரவம் ஊற்றும் தொட்டி வகை வந்தது. இப்போது தூக்கியெறியும் வகை. அதில் நிக்கோடின் உப்பு வடிவில் இருப்பதால் தொண்டையை உறுத்தாமல் அதிக அளவில் இறங்குகிறது. மாம்பழச் சுவை நாக்குக்கும் வயிற்றுக்கும் கெடுதலில்லை என்று சோதிக்கப்பட்டிருக்கலாம். அதைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுத்தால் பத்து ஆண்டுகளில் என்ன ஆகும் என்று யாரும் சோதித்ததில்லை. ஓர் ஆய்வு முடிந்து வெளிவருவதற்குள், அது சோதித்த வகை கடையிலிருந்தே போய்விடுகிறது.

அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய பெரிய தேசிய ஆய்வு ஒன்று ஏறக்குறைய 46,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறது. அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் அப்போது 12 முதல் 17 வயதுப் பிள்ளைகள். சிகரெட்டையே தொடாமல் வேப்பில் தொடங்கியவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போதுதான் முப்பது நெருங்குகிறது. புகையிலை தொடர்பான புற்றுநோய்களும் மாரடைப்புகளும் அதிகமாகத் தலைகாட்டும் ஐம்பது வயதை அவர்கள் எட்ட 2040களின் பிற்பகுதியாகிவிடும்.